லோவுக்கு எவ்வளவு சர்க்கரை? 58-லிருந்து 291, அங்கிருந்து 61

மதுரைமல்லி | மே 12, காலை 8:25

டைப் 1 சர்க்கரை நோய், பத்தொன்பது வருடம். எடை 52 கிலோ. கேள்வி ஒன்றுதான்: லோ ஆகும்போது எவ்வளவு சாப்பிட்டால் போதும் என்று உங்கள் உடம்புக்கு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நேற்று எதிர்சேவை பார்க்கப் போயிருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் கூட்டத்தோடு கூட்டமாக நடை. பதினொன்றரைக்கு வீடு திரும்பி, சென்சாரில் 118 பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். 2:10-க்கு அலாரம். விரலில் குத்தினால் 58. கை நடுக்கம், வேர்வை, வீட்டையே தின்றுவிடலாம் போல ஒரு பசி. குளுக்கோஸ் பவுடரை மூன்று ஸ்பூன் அள்ளி வாயில் போட்டேன். தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த பானகம் ஒரு பாட்டிலில் இருந்தது, ஒரு டம்ளர் குடித்தேன். நடுக்கம் நிற்கவில்லை. வாழைப்பழம். அதற்குள் அம்மா எழுந்துவந்து நாலு மேரி பிஸ்கட்டைக் கையில் திணித்தார், அதையும் தின்றேன்.

4:30-க்கு 291. 3 யூனிட் இன்சுலின் போட்டுவிட்டுத் தூங்கினேன். 7:20-க்கு 61. அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்கூடப் பார்க்கவில்லை.

ரவை உப்புமா | மே 12, காலை 9:02

எனக்கும் அடிக்கடி லோ ஆகும். எலுமிச்சைச் சாற்றில் உப்பு தூக்கலாகப் போட்டுக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் சரியாகிவிடும். சர்க்கரை எதற்கு?

மதுரைமல்லி | மே 12, காலை 9:10

நீங்கள் சொல்வது லோ பிபி. இது லோ சுகர். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு என்னை ஒரு அங்குலம்கூட மேலே ஏற்றாது.

ரவை உப்புமா | மே 12, காலை 9:14

ஓ. தலைப்பில் லோ என்று மட்டும் பார்த்தேன். மன்னிக்கவும், படித்துக்கொண்டிருக்கிறேன்.

கொங்குதமிழன் | மே 12, காலை 10:40

அக்கா, இது நீங்கள் சாப்பிட்டதால் ஏறியதில்லை. லோ ஆனால் கல்லீரல் பயந்துபோய்த் தன் கையிருப்பைக் கொட்டிவிடும். இதற்கு சோமோகி விளைவு என்று பெயர். நீங்கள் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தாலும் காலையில் 250 இருந்திருக்கும். ராத்திரி இன்சுலினைக் குறையுங்கள்.

ஊசிநண்பன் | மே 12, மதியம் 1:15

தம்பி சொல்வதில் பாதி சரி. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும், உண்மை. குளுக்ககான், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் டைப் 1 வந்து சில வருடம் ஆனவர்களுக்கு லோவின்போது குளுக்ககான் சரியாகச் சுரப்பதில்லை. பத்தொன்பது வருடம் ஆனவருக்குக் கல்லீரல் மட்டும் 58-ஐ 291 ஆக்கும் என்று நான் நம்பமாட்டேன். சோமோகி அதைச் சொன்னது 1930-களில், சிறுநீரில் சர்க்கரை பார்த்த காலத்தில். சென்சார் வந்தபிறகு இரவு முழுக்கப் பார்த்தால், இரவில் லோ ஆனவர்களுக்குக் காலையில் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கிறது. சர்க்கரை கூடியிருந்தால் முதலில் சமையலறையை விசாரிக்க வேண்டும், கல்லீரலை அப்புறம் விசாரிக்கலாம்.

அதிகம் நடந்த அன்று இரவு இன்சுலினைக் குறைப்பது பற்றி அவர் சொன்னது நல்ல யோசனை. காரணம்தான் வேறு. நீண்ட நடைக்குப் பிறகு தசைகள் பல மணி நேரம் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரோடு பேசிக்கொள்ளுங்கள்.

மல்லி, நீங்கள் சாப்பிட்டதை எடைபோட்டுப் பார்த்தீர்களா?

மதுரைமல்லி | மே 12, இரவு 9:50

இப்போதுதான் போட்டேன். கிச்சன் தராசை இத்தனை நாள் கேக்குக்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

நான் "ஸ்பூன்" என்று எழுதியது டீ ஸ்பூன் இல்லை, டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் பெரிய ஸ்பூன். இரவு அள்ளியது மாதிரியே கூம்பாக அள்ளிப் போட்டால் ஒரு ஸ்பூன் 11 கிராம். மூன்றுக்கு 33. அதாவது வாயில் முதலில் போட்டதே, லோவுக்கு வழக்கமாகச் சொல்லும் 15 கிராமைப்போல இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு பானகம், வெல்லம் எவ்வளவு கரைத்தார்களோ தெரியாது, டம்ளருக்கு 20 என்று வைக்கிறேன். வாழைப்பழம் ஒரு 20. மேரி ஒன்றுக்கு 4 வீதம் 16. மொத்தம் 89 கிராம்.

இதில் எனக்கு உறைத்தது வேறு. பவுடர் வேலை செய்யவில்லை என்று நினைத்துத்தான் பானகம் குடித்தேன். பவுடருக்கும் பானகத்துக்கும் நடுவில் எத்தனை நிமிடம் இருந்திருக்கும்? மூன்று? நான்கு? வாயில் போட்டது இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

கிண்டல்மாமா | மே 12, இரவு 10:05

89 கிராம் என்பது லோவுக்கு வைத்தியம் இல்லை அம்மா, அன்னதானம்.

குட்டிஅம்மா | மே 13, காலை 6:30

என் மகனுக்கு ஆறு வயது, 19 கிலோ. ஆரம்பத்தில் எல்லோரும் சொன்னபடி 15 கிராம் கொடுத்து 15 நிமிடம் காத்திருக்கும் கணக்கைத்தான் அவனுக்கும் செய்தோம். ஒவ்வொரு முறையும் 65-லிருந்து 200-க்கு மேல் போவான். பிறகுதான் சிறப்பு மருத்துவர் சொன்னார், 15 பெரியவர்களுக்கான அளவு, குழந்தைக்கு கிலோவுக்கு 0.3 கிராம் என்று. இவனுக்கு 6 கிராம்கூட வராது. ஒரு டீ ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவ்வளவு குறைவாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முதல் வாரம் எனக்குத் தைரியமே வரவில்லை.

மதுரைமல்லி | மே 13, காலை 7:15

கிலோவுக்கு 0.3 என்றால் எனக்கு 15.6. ஆக, 15 எனக்குப் பொருந்தும் அளவுதான். நான்தான் ஆறு பேருடைய மருந்தை ஒரே ஆளாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்பாவின்மகன் | மே 13, காலை 11:20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு வயது 74, இன்சுலின் இல்லை, மாத்திரை மட்டும். போன வாரம் மாலை ஐந்து மணிக்கு உளற ஆரம்பித்தார். பார்த்தால் 52. நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். இருபது நிமிடம் கழித்து 55. மறுபடி நாலு ஸ்பூன். 58. அப்புறம் ஜிலேபி. எட்டு மணிக்கு மேல் மெதுவாக ஏறி, இரவு 240. மறுநாள் காலை மறுபடி 66. உங்களுக்குச் சர்க்கரை ஏறிப்போகிறது, எங்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஊசிநண்பன் | மே 13, மதியம் 12:05

மாத்திரை அட்டையின் பின்புறம் பெயர்களைப் படித்துச் சொல்லுங்கள். உடனே.

அப்பாவின்மகன் | மே 13, மதியம் 12:40

கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். மூன்றும் ஒரே மாத்திரையில்.

ஊசிநண்பன் | மே 13, மதியம் 1:10

நினைத்தேன். வோக்லிபோஸின் வேலையே குடலில் மாவையும் சர்க்கரையையும் உடைக்க விடாமல் தடுப்பதுதான். வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டை வெட்டினால்தான் உள்ளே போகும். வெட்டுகிற கத்தியை மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்த சர்க்கரை, ஜிலேபி எல்லாம் குடலில் வரிசையில் நின்றிருக்கும். பிறகு மெதுவாக உடைந்து மொத்தமாக உள்ளே வந்ததுதான் இரவு 240. அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இவர்களுக்கு லோ ஆனால் நேராகக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். அதை உடைக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் வாங்கும்போது சுவை சேர்க்காத சாதா குளுக்கோஸ் பவுடராகக் கேளுங்கள். பழச்சுவை போட்டதில் சாதாரண சர்க்கரையும் கலந்திருக்கலாம், பின்னால் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மறுநாள் காலை 66 வந்ததற்குக் காரணம் கிளிமெபிரைடு. அது கணையத்தை மணிக்கணக்கில் பிழிந்துகொண்டே இருக்கும். லோ சரியானாலும் திரும்ப வரும். வயதானவர், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஒரு நாளைக்கு மேலும் இழுக்கும். உளறினார் என்கிறீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இன்றாவது மருத்துவரைப் பார்த்து மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். மல்லியின் கணக்கை எடுத்து அப்பாவுக்குப் போடாதீர்கள்.

அப்பாவின்மகன் | மே 13, மாலை 7:45

போய்வந்தோம். கிரியாட்டினின் கூடியிருக்கிறது. கிளிமெபிரைடை நிறுத்தி வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். வோக்லிபோஸ் தொடர்கிறது. அந்தச் சர்க்கரை விஷயத்தை இத்தனை வருடத்தில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ரவை உப்புமா | மே 13, இரவு 8:20

என் மாமியாரும் வோக்லிபோஸ் சாப்பிடுகிறார். இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். நல்லவேளை தவறான இழைக்குள் வந்தேன்.

மதுரைமல்லி | மே 14, காலை 6:50

இரண்டு நாளாக ஒரு கணக்கு உறுத்துகிறது. எனக்கு ஒரு கிராம் குளுக்கோஸ் ஏறக்குறைய 4 ஏற்றும் என்று பல வருடமாக ஒரு நினைப்பு. அப்படியானால் 89 கிராமுக்கு 356. 58-ஓடு கூட்டினால் 414 வந்திருக்க வேண்டும். வந்தது 291. மீதி எங்கே போனது? நடந்த நடை கொஞ்சம் தின்றிருக்கும். ஆனாலும் 120 அதிகமாகத் தெரிகிறது.

ஊசிநண்பன் | மே 14, காலை 7:30

நடு இரவில் வேறு ஏதாவது யூனிட் போட்டீர்களா?

மதுரைமல்லி | மே 14, காலை 7:34

இல்லை. 4:30-க்கு மட்டும்தான்.

மதுரைமல்லி | மே 14, காலை 7:52

திருத்தம். செயலியைத் திறந்து பார்த்தேன். 3:20-க்கு 3 யூனிட் என்று நானே பதிந்து வைத்திருக்கிறேன். சென்சார் 246 காட்டி மேல்நோக்கி அம்பு போட்டிருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் போட்டுவிட்டு மறந்தும்விட்டேன். முதல் பதிவில் எழுதியது தப்பு. 3 அல்ல, 6 யூனிட்.

இப்போது கணக்கு உட்காருகிறது. எனக்கு ஒரு யூனிட் 45 இறக்கும். 4:30-க்கு நான் 291-ஐப் பார்த்தபோது முதல் 3 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது இன்னும் வேலை செய்யாமல் உள்ளே காத்திருந்திருக்கும். 2 என்று வையுங்கள். அதன் மேல் புதிதாக 3. ஆக 5 யூனிட், 225 இறக்கம். 291-இல் 225 போனால் 66. காலையில் மீட்டர் காட்டியது 61.

காலை லோவுக்கு அழகரும் காரணமில்லை, பானகமும் காரணமில்லை. நான்தான்.

கிண்டல்மாமா | மே 14, காலை 8:10

ராத்திரி பூராவும் ராட்டினம் சுற்றியிருக்கிறீர்கள். திருவிழாவுக்குப் போனதற்கு இதுதான் மிச்சம்.

கொங்குதமிழன் | மே 14, காலை 9:30

சரி, கல்லீரலை விட்டுவிடுகிறேன். ஆனால் அக்கா, 291 வந்தால் சும்மா படுத்திருக்க முடியுமா? நான் உடனே கரெக்‌ஷன் போட்டுவிடுவேன். 291 என்ற எண்ணோடு எனக்குத் தூக்கம் வராது.

ஊசிநண்பன் | மே 14, காலை 10:45

இதில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லமாட்டார்கள். என் வழக்கம்: லோவுக்குச் சாப்பிட்டு ஏறிய சர்க்கரைக்கு முதல் இரண்டு மணி நேரம் ஊசி போடமாட்டேன். அப்புறமும் இறங்காமல் நின்றால் கணக்கில் வருவதில் பாதி மட்டும். இரவு என்றால் இன்னும் கஞ்சத்தனம். ஒரு இரவு 250-இல் தூங்குவதா, இன்னொரு 50-ஐ வரவழைப்பதா என்றால் நான் 250-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கொங்குதமிழன் | மே 14, காலை 11:00

நான் முழுசாகப் போட்டுவிட்டு அலாரம் வைத்துக்கொள்வேன். இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

ஊசிநண்பன் | மே 14, காலை 11:04

அலாரத்துக்கு எழுந்து என்ன சாப்பிடுவீர்கள்?

கொங்குதமிழன் | மே 14, காலை 11:20

...பிரிட்ஜில் இருப்பதை.

மதுரைமல்லி | மே 15, இரவு 10:30

இதை எழுதக் கொஞ்சம் கூச்சம். லோ ஆகும்போது வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. மற்ற நாளில் பிஸ்கட் என்றால் ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்து, ஒரு யூனிட் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி நேரம் திரும்ப வைத்துவிடுவேன். லோ என்றால் எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. மைசூர்பாகு தின்னலாம், ஐஸ்கிரீம் தின்னலாம், அம்மாவே ஊட்டிவிடுவார். பத்தொன்பது வருடத்தில் நான் குற்ற உணர்ச்சி இல்லாமல் தின்ற இனிப்பெல்லாம் லோவில் தின்றதுதான். மருந்து என்ற பெயரில் கிடைக்கிற விருந்து. நான் அதிகமாகச் சாப்பிட்டது அளவு தெரியாததால் மட்டும் இல்லை.

மைசூர்பாகு லோவுக்குச் சரியான பொருளும் இல்லை. நெய் இருப்பதால் அதிலுள்ள சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும். சாக்லேட்டும் அப்படித்தான். ஏறவில்லையே என்று இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று, ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் சேர்ந்து வந்து கதவைத் தட்டும்.

குட்டிஅம்மா | மே 15, இரவு 11:10

இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. போன மாதம் பள்ளியில் "டீச்சர், எனக்கு லோ மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒரு சாக்லேட் வாங்கியிருக்கிறான். பார்த்தால் 132. இனிமேல் அவனுக்குச் சுவையில்லாத குளுக்கோஸ்தான்.

மதுரைமல்லி | மே 16, காலை 6:45

திட்டாதீர்கள் அவனை. நான் நாற்பது வயதில் அதையே செய்கிறேன்.

மதுரைமல்லி | மே 20, மாலை 4:15

சோதனை ஒன்று. பவுடரை 10 கிராம் வீதம் எடைபோட்டு, மருந்துக்கடைக்காரர் தரும் சின்ன ஜிப் கவர்களில் கட்டி வைத்திருந்தேன். பயன்படுத்துகிற நேரம் இன்று வந்தது.

மதியம் 12:50, மீட்டரில் 64. காலை 7:30 இன்சுலின் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் உள்ளே ஏதும் மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொட்டலம் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். போனில் 15 நிமிட டைமர். சமையலறையை விட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். இது முக்கியம். சமையலறையில் நின்றுகொண்டு 15 நிமிடம் காத்திருக்க மனுஷனால் முடியாது.

1:05-க்கு சென்சார் 61 என்று காட்டியது. இறங்கியிருக்கிறது! கை தானாகப் பிஸ்கட் டப்பாவை நோக்கிப் போனது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விரலில் குத்தினேன். 79. இன்னொரு கால் மணி நேரம் கழித்து மீட்டரில் 101, சென்சார் அப்போதுதான் 78-க்கு வந்திருந்தது.

10 கிராமுக்கு 37. கிராமுக்கு 3.7. பழைய 4 என்ற நினைப்பு பெரிய தப்பில்லை.

ஊசிநண்பன் | மே 20, மாலை 6:00

கையைக் கழுவியதை எழுதியதற்கு நன்றி. பவுடர் ஒட்டிய விரலில் குத்தினால் 79-க்குப் பதில் 180 கூட வரும்.

சென்சார் பின்தங்கும் விஷயத்தைப் பலபேர் கவனிப்பதில்லை. அது ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைப் பார்க்கிறது. ரத்தம் திரும்பி மேலே போய்விட்ட பிறகும் ஐந்து, பத்து நிமிடம், சில சமயம் அதற்கும் மேல், அது பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். லோவிலிருந்து மீளும்போது அதை நம்பிச் சாப்பிட்டால் ஒரு லோவுக்கு இரண்டு லோ அளவு சாப்பிடுவோம். மீண்டாயிற்றா என்று பார்க்க விரல்தான்.

கிண்டல்மாமா | மே 20, இரவு 7:30

எனக்கு இன்னொரு கூத்து. ராத்திரி 3 மணிக்கு சென்சார் 49 என்று அலறியது. பதறிப்போய் அரை பாட்டில் கோலா குடித்துவிட்டு அப்புறம் விரலில் பார்த்தால் 176. என்னடா என்றால் சென்சார் ஒட்டிய கை மேலேயே படுத்திருக்கிறேன். அழுத்தினால் குறைத்துக் காட்டுமாம். ஆகாத லோவுக்கு வைத்தியம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

குட்டிஅம்மா | மே 20, இரவு 8:00

நீங்கள் ஒருத்தர் இல்லை. என் மகன் வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கை மேல்தான் தூங்குகிறான். இப்போதெல்லாம் அலாரம் அடித்தால் முதலில் அவனைப் புரட்டிவிட்டு விரலில் பார்க்கிறேன். கை நடுங்குகிறது, மீட்டர் கையில் இல்லை என்றால் மட்டும் முதலில் கொடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மதுரைமல்லி | மே 27, இரவு 11:40

மே 20-இல் 3.7 என்று பெருமையாக எழுதியதை இன்று பாதி திரும்பப் பெறுகிறேன்.

இரவு எட்டு மணிக்கு இட்லி, 6 யூனிட். நாலு இட்லி சாப்பிடுவதாகக் கணக்கு, பேச்சு வாக்கில் மூன்றோடு எழுந்துவிட்டேன். 9:30-க்கு 67, அம்பு கீழ்நோக்கி. ஒரு பொட்டலம், டைமர், திண்ணை. 9:45-க்கு விரலில் 63. ஏறவில்லை, 4 இறங்கியிருக்கிறது. இன்னொரு பொட்டலம். 10:00-க்கு 88, பதினொன்றுக்கு 104.

அதே பவுடர், அதே எடை, அதே ஆள். மதியம் 37 ஏற்றிய பொட்டலம் இரவு ஒன்றும் செய்யவில்லை. ஊசி போட்டு ஒன்றரை மணி நேரத்தில் இன்சுலின் நல்ல வேகத்தில் இருக்கும், நான் போட்ட பத்து கிராமை அது வாங்கித் தின்றுவிட்டது. ஆக, "எனக்கு எவ்வளவு" என்று தலைப்பில் கேட்டதே அரைகுறைக் கேள்வி. உள்ளே எவ்வளவு இன்சுலின் மிச்சம் என்று சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். 63 பார்த்ததும் வந்த பயத்தில் பழைய நானாக இருந்தால் அங்கேயே 80 கிராம் போயிருக்கும். பொட்டலம் கட்டி வைத்ததால் இன்னொரு பத்தோடு நின்றது.

ஊசிநண்பன் | மே 28, காலை 7:10

இதனால்தான் 15-ஐ நான் விடுவதில்லை. 64-இல் உள்ள உங்களுக்கு 15 கொடுத்தாலும் 120 பக்கம்தான் நின்றிருக்கும், ஆபத்தில்லை. கீழ் அம்பும் சாப்பாட்டு இன்சுலினும் இருந்தால் 15 தேவைப்படும், அதற்கு மேலும் தேவைப்படலாம். 54-க்குக் கீழே போனால் கணக்கே பார்க்காமல் 15, 20 எடுத்துவிடுங்கள். பத்து கிராமில் கெட்டிக்காரத்தனம் காட்டுவது 60-களில், சாப்பாட்டுக்கு முன்னால், அம்பு நேராக இருக்கும்போது மட்டும். இன்சுலின் பம்ப் தானாகவே நிறுத்திக்கொள்ளும் வகையாக இருந்தால் அது லோ வருமுன்பே இன்சுலினை நிறுத்தியிருக்கும், அவர்களுக்கு ஐந்து, பத்து போதும். அவர்கள் சொல்வதைப் பேனா ஊசிக்காரர்கள் காப்பியடிக்கக் கூடாது.

மதுரைமல்லி | மே 28, காலை 8:00

15-ஐ ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எப்போதும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் 66 வந்தால் எனக்குப் பத்தே போதும் என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். இனி 8 கிராம் பொட்டலமாகக் கட்டப்போகிறேன். அமைதியான லோவுக்கு ஒன்று, அம்பு கீழே என்றால் இரண்டு. இரண்டு சேர்ந்தால் 16, உங்கள் 15-ம் ஆயிற்று, என் எடைக்கணக்கும் ஆயிற்று.

ஊசிநண்பன் | மே 28, காலை 8:12

ஒன்று போதும் என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் உங்கள் மூளைக்குச் சர்க்கரை குறைவு. அதை மறக்காதீர்கள்.

மதுரைமல்லி | மே 28, காலை 8:20

அதற்குத்தான் இரண்டு பொட்டலத்தையும் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றி, மேலே டைமர் நிமிடம் எழுதி, அம்மாவிடம் பயிற்சியும் கொடுத்தாயிற்று. "பதினஞ்சு நிமிஷம் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியே, பெத்த வயிறு கேக்குமாடி" என்கிறார். கூடவே, நான் பேச்சுக் கொடுத்தால் பதில் வரவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்திருக்கிறேன். பொட்டலத்தைவிட அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரம் ஆனது.

கொங்குதமிழன் | ஜூன் 9, இரவு 9:15

ஒத்துக்கொள்கிறேன். நானும் பொட்டலம் கட்டினேன். ஆனால் கருப்பட்டி. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்பதால் பாதுகாப்பு.

ஊசிநண்பன் | ஜூன் 9, இரவு 9:20

ஏற்றாது என்றால் லோவுக்கு எதற்குத் தின்கிறீர்கள்?

கொங்குதமிழன் | ஜூன் 9, இரவு 9:41

யோசிக்கவில்லை.

மதுரைமல்லி | ஜூன் 30, காலை 7:05

ஒன்றரை மாதக் கணக்கு. ஒன்பது லோ. ஏழு முறை 150-ஐத் தாண்டவில்லை. ஒரு முறை 190, அது பொட்டலம் குடித்த பிறகு உடனே இரவுச் சாப்பாடும் இருந்ததால், அதற்கு எவ்வளவு யூனிட் குறைக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு முறை கல்யாண வீட்டில், பொட்டலம் கைப்பையில் இருந்தும் பாயசத்தைத் தேடிப் போனேன். 263. அதைப் பற்றிக் கேட்காதீர்கள். ஊசி மட்டும் போடவில்லை, தானாக இறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

புதுப் பிரச்சினை: நேற்றைய மழைக்குப் பிறகு கட்டிலடியில் வைத்திருந்த பொட்டலமெல்லாம் ஈரம் குடித்துக் கல்லு மாதிரி இறுகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு அதை எப்படிக் கரைப்பது?

கிண்டல்மாமா | ஜூன் 30, காலை 7:30

கரைக்காதீர்கள். கடித்துத் தின்னுங்கள். கடையில் குளுக்கோஸ் மாத்திரை என்று காசு வாங்கிக்கொண்டு விற்பது அதைத்தான்.